ட்யூஷன் டைம்டேபிள் ஏன் இரண்டே வாரத்தில் குலைகிறது

கேள்வி: "வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். 30 பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லாம் கலந்து வருகிறார்கள், ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு நேரத்துக்கு விடுகிறது. எப்படி டைம்டேபிள் போட்டாலும் இரண்டு வாரத்தில் குலைந்துவிடுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிப் போடுகிறீர்கள்?"

பள்ளி விடும் நேரத்தை வைத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் போட்டேன். பள்ளி 4.10க்கு விடுகிறது, வீடு பக்கம்தான், அப்படியென்றால் 4.45க்கு பேட்ச் என்று கணக்குப் போடுவோம். அந்தப் பிள்ளை உண்மையில் நோட்டைத் திறந்து உட்காருவது 5.15க்கு. மணி அடித்த பிறகு வரிசையில் நின்று வேன் ஏற வேண்டும், வேன் நான்கு தெரு சுற்றி வர வேண்டும், வீட்டில் முகம் கழுவி எதையாவது சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுக்க வேண்டும். எனக்கு 18 வருடமாக ட்யூஷன்தான் வேலை. டைம்டேபிளுக்கு அடிப்படையாக நான் எடுத்துக்கொள்வது இந்த 'உட்காரும் நேரத்தை' மட்டும்தான்.

அதைப் பெற்றோரிடம் கேட்டால் சரியாக வராது. அவர்கள் நல்லெண்ணத்தில் அரைமணி நேரம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள், பிள்ளையை எப்படியும் அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை. அதனால் ஜூன் மாதத்தில் முதல் இரண்டு வாரம் தற்காலிக டைம்டேபிள்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் டிக் போடுவதற்குப் பதிலாக வந்த நேரத்தை எழுதுங்கள். 5.05, 5.20, 5.12 என்று எழுதினால் போதும். கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் மூன்று விஷயம் வேண்டும். எந்தெந்த நாளில் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ், எந்தெந்த நாளில் வேறு ட்யூஷனோ ஹிந்தி வகுப்போ இருக்கிறது, திரும்பிப் போகும்போது யார் வந்து கூட்டிப் போகிறார்கள். கடைசியாகச் சொன்னதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அப்பா கடையிலிருந்து 7.30க்குத்தான் வர முடியும் என்றால், 6.20க்கு முடியும் பேட்சில் அந்தப் பெண் ஒரு மணி நேரம் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அடுத்த மாதம் அவளை நிறுத்திவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, யாரை யாரோடு சேர்க்கலாம் என்பது. வகுப்பை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். சமச்சீர்க் கல்வி வந்த பிறகு அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே பாடநூல்தான், அதனால் அவர்களைத் தாராளமாக ஒன்றாக உட்கார வைக்கலாம். மொழிதான் வேறு. தமிழ் மீடியம் பிள்ளைக்கு 'மதிப்பகம்', மற்றவனுக்கு 'டொமைன்'. போர்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் சமச்சீரையும் சிபிஎஸ்இயையும் பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் போடவே போடாதீர்கள். நான் ஒரு வருடம் போட்டேன். நேரம் கிடைக்கவில்லை, இரண்டும் பத்தாவதுதானே, முக்கோணவியலும் ஆயத்தொலைவும் இரண்டிலும் இருக்கிறதே என்று நினைத்துச் சேர்த்தேன். சமச்சீரில் முதல் பாடமே உறவுகளும் சார்புகளும், இயற்கணிதத்தில் அணிகள் வருகிறது, சிபிஎஸ்இ பத்தாவதில் இரண்டும் கிடையாது. சமச்சீர் வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் தனியாக இருக்கிறது, அதற்குக் கையில் காம்பஸோடு பல மணி நேரம் உட்கார வேண்டும். நான் அதை நடத்தும்போது சிபிஎஸ்இ பிள்ளைகள் நான்கு பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால், "சார், எங்களுக்கு உள்ளதை எப்போ நடத்துவீங்க?" என்று கேட்டான். அவனுக்கு நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, இனி போடுவதற்கு வருவோம். போன வருடம் என்னிடம் இருந்த 31 பேரை வைத்தே சொல்கிறேன், உங்கள் நிலைமைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். எட்டாவது சிபிஎஸ்இ 6 பேர். அவர்களுக்குப் பள்ளி மதியமே விட்டுவிடும், 4.15க்கு உட்காருவார்கள், சனிக்கிழமை பள்ளி கிடையாது, செவ்வாயும் வியாழனும் 5.30க்கு ஹிந்தி வகுப்பு. ஒன்பதாவது சமச்சீர் 7 பேர், அரசுப் பள்ளியும் மெட்ரிக்கும் கலந்து, 5.20க்கு உட்காருவார்கள். பத்தாவது சமச்சீர் 9 பேர், தினமும் மாலை ஸ்பெஷல் கிளாஸ், 6.30க்கு முன்னால் முடியாது. பத்தாவது சிபிஎஸ்இ 4 பேர், திங்கள் புதன் வெள்ளியில் 4.15க்கே வந்துவிடுவார்கள், செவ்வாய் வியாழனில் பள்ளியில் கூடுதல் வகுப்பு என்பதால் 6.30 ஆகிவிடும். பன்னிரண்டாவது சமச்சீர் 5 பேர், பள்ளி முடிந்து வரவே 6.45, அதன் பிறகு திங்கள் புதன் வெள்ளி இரவு பிசிக்ஸ் ட்யூஷன், செவ்வாய் வியாழன் விடியற்காலை கெமிஸ்ட்ரி ட்யூஷன்.

என் பக்கம் மாலையில் மூன்று வேளை: 4.15 முதல் 5.15, 5.20 முதல் 6.20, 6.30 முதல் 7.45. அதற்கு மேல் எடுப்பதில்லை, வீட்டில் எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் காலை 6 முதல் 7.15 வரை ஒரு வேளை. பத்தாவது சமச்சீருக்கு வாரம் நான்கு வகுப்பு, மற்ற எல்லோருக்கும் மூன்று.

இப்போது யார் முதலில் வந்து சேர்ந்தார்களோ அவர்களுக்கு முதலில் இடம் என்று போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிபிஎஸ்இக்கு ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும், எட்டாவது பிள்ளைகளின் அம்மாக்கள் அப்போதே வந்து திங்கள் புதன் வெள்ளி 4.15 கேட்பார்கள். கொடுத்துவிடுவோம், காலியாகத்தானே இருக்கிறது. ஜூனில் ஒன்பதாவது வருவார்கள், அவர்களுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வசதி, திங்கள் புதன் வெள்ளி 5.20 போய்விடும். பத்தாவது சமச்சீர் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி 6.30ஐ எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வேறு வழியே இல்லை. கடைசியில் பத்தாவது சிபிஎஸ்இ நான்கு பேருக்கு என்ன மிச்சம்? புதன்கிழமை 6.30 ஒன்றுதான். செவ்வாய் வியாழனில் 4.15ம் 5.20ம் காலியாகக் கிடக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பள்ளியில் இருப்பார்கள். டைம்டேபிளில் ஐந்து கட்டம் காலி, ஆனாலும் இடம் இல்லை. இந்த நிலைமையில்தான் நாம் இரண்டு பத்தாவதையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறோம்.

அதனால் நான் செய்வது இது. ஒவ்வொரு பேட்சுக்கும், வாரத்தில் எத்தனை கட்டத்தில் அவர்கள் உட்கார முடியும், அதில் எத்தனை எனக்கு வேண்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பன்னிரண்டாவதுக்கு திங்கள் புதன் வெள்ளி காலை மூன்று கட்டம்தான் உண்டு, மூன்றும் வேண்டும், அசைய இடமே இல்லை. பத்தாவது சமச்சீருக்கு ஐந்து நாள் 6.30, நான்கு வேண்டும், ஒன்று மிச்சம். பத்தாவது சிபிஎஸ்இக்கு திங்கள் புதன் வெள்ளி 4.15, 5.20 என்று ஆறு கட்டம், மூன்று வேண்டும். (அவர்களும் 6.30க்கு வரலாம், ஆனால் மற்ற பத்தாவதுக்கு அது ஒன்றே வழி என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.) எட்டாவதுக்கு 4.15 ஐந்து நாள், 5.20 மூன்று நாள், சனி காலை என்று ஒன்பது. ஒன்பதாவதுக்கு 5.20ம் 6.30ம் சேர்த்து பத்து. மிச்சம் யாருக்குக் குறைவோ அவர்களுக்கு முதலில் இடம். எட்டாவது அம்மாக்கள் ஏப்ரலிலேயே கேட்டாலும், "நாள் ஜூன் கடைசியில் சொல்கிறேன், நேரம் 4.15 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்வேன். ஏப்ரல் மே மாதத்தில் அவர்களுக்கு எந்த நாளிலும் எடுக்கலாம், போட்டிக்கு ஆள் இல்லை.

இந்த வரிசையில் போட்டால் பன்னிரண்டாவது திங்கள் புதன் வெள்ளி காலை 6. பத்தாவது சமச்சீர் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை 6.30. பத்தாவது சிபிஎஸ்இ திங்கள் புதன் வெள்ளி 4.15. ஒன்பதாவது அதே மூன்று நாள் 5.20. எட்டாவது செவ்வாய், வியாழன் 4.15, சனி காலை 10. எல்லோருக்கும் நாள் மாறினாலும் நேரம் மாறவில்லை, எட்டாவதின் சனிக்கிழமை ஒன்றைத் தவிர. இதை முடிந்தவரை காப்பாற்றுங்கள். திங்கள் 5.20, புதன் 4.15 என்று மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைகள் மறப்பதைவிட வீட்டில் கொண்டுவிடுகிறவர் மறந்துவிடுவார்.

செவ்வாய், வியாழன் 5.20ம் புதன் 6.30ம் காலியாக இருக்கிறது பாருங்கள், அதை நிரப்பாதீர்கள். இதைச் சொல்லும்போது எல்லோரும் வருமானம் போகிறதே என்பார்கள், எனக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் அந்த மூன்று கட்டம்தான் மற்ற பதினாறு வகுப்பையும் தாங்குகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்குக் கலெக்டர் விடுமுறை விடுவார், அன்று தண்ணீருக்குள் பிள்ளைகளை ட்யூஷனுக்கு வரச் சொல்ல முடியாது. விட்ட நாளுக்கு ஈடாகப் பின்னால் சனிக்கிழமை பள்ளி வைத்துவிடுவார்கள். சமச்சீர் பிள்ளைகளின் வகுப்பை நான் சனிக்கிழமையில் வைக்காததற்கு அதுதான் காரணம், நமக்கு முன்னால் பள்ளி அந்த நாளை எடுத்துக்கொள்ளும். போன நவம்பரில் பத்தாவதுக்கு ஒரே வாரத்தில் திங்களும் செவ்வாயும் போய்விட்டது. புதன் 6.30 காலியாக இருந்ததால் ஒரு வகுப்பை அங்கே எடுத்தேன், இன்னொன்றை அடுத்த புதனில். வேறு எந்த பேட்சும் நகரவில்லை. காலி கட்டம் இல்லாத வருடங்களில் ஒரு வகுப்பை நகர்த்தப் போய் மூன்று பேட்சுக்குப் போன் செய்திருக்கிறேன், அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் தப்பான நேரத்தில் வாசலில் நிற்பார்கள்.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பேட்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து நிமிடம் போதும் என்று தோன்றும். ஏழு பேர் வெளியே போய் ஒன்பது பேர் உள்ளே வரும்போது என்ன நடக்கிறது என்று ஒருநாள் வாசலில் நின்று பாருங்கள். செருப்பு பதினாறு ஜோடி ஒரே குவியல், சைக்கிள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், போகிற ஒருவன் கடைசி நேரத்தில் சந்தேகம் கேட்பான், வருகிற பெண் யூனிஃபார்மோடு நேரே பள்ளியிலிருந்து வந்து தண்ணீர் எங்கே என்று பார்ப்பாள். அதனால்தான் 6.20க்கும் 6.30க்கும் நடுவில் பத்து நிமிடம் வைத்திருக்கிறேன். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வரும் பத்தாவது பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுக்கு முதல் பத்து நிமிடம் நான் புதிதாக எதுவும் நடத்துவதில்லை. டிபன் பாக்ஸில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடட்டும், முந்தின நாள் வீட்டுக்கணக்கைப் பார்க்கட்டும். 75 நிமிடம் என்று வைத்திருப்பது அதையும் சேர்த்துத்தான்.

காலை பேட்சுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூனில் 6 மணிக்கு நல்ல வெளிச்சம். மார்கழியில் 6 மணிக்கு இருட்டு, பெண் பிள்ளைகள் தனியாக சைக்கிளில் வர வேண்டும் என்றால் டிசம்பர் தொடங்கும் முன்பே பெற்றோரிடம் பேசி 6.30க்கு மாற்றிவிடுங்கள், 45 நிமிடம் எடுத்தாலும் போதும். விடுபடுவதை அரையாண்டு விடுமுறையில் ஈடு செய்யலாம்.

எது நிச்சயம், எது ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். இறுக்கமான பேட்சை முதலில் வைப்பது, பாடத்திட்டத்தைக் கலக்காமல் இருப்பது, காலி கட்டம் விடுவது, இந்த மூன்றும் எந்த ஊரிலும் நிற்கும். எட்டாவதுக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று நாளா, ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு நாளா என்பது அப்படி இல்லை. என் பிள்ளைகள் ஐம்பதாவது நிமிடத்தில் கவனம் இழக்கிறார்கள், அதனால் நான் மூன்று நாள் வைக்கிறேன். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு நாள்தான் நியாயம். அப்புறம் நான் டவுனில் இருக்கிறேன், எல்லோரும் சைக்கிள் தூரம். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை வைத்து முடிவு நேரத்தைப் போடுங்கள், கடைசி பஸ்ஸை நம்பி வேண்டாம்.

ஒரு டைம்டேபிளை வருடம் முழுக்க ஓட்டவும் முடியாது. நான் மூன்று முறை போடுகிறேன்: ஜூனில், காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில், பிறகு ஜனவரியில். காலாண்டு, அரையாண்டு நடக்கும் நாட்களில் சில வகுப்புக்குக் காலையில் தேர்வு, சில வகுப்புக்கு மதியம் என்று எல்லாம் புரண்டுவிடும், அப்போது வழக்கமான வகுப்பை நிறுத்திவிட்டு, கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் அந்தந்த பேட்சை வரச் சொல்கிறேன். ஜனவரி டைம்டேபிள்தான் கஷ்டமானது. சிபிஎஸ்இ பத்தாவதுக்குப் பிப்ரவரி நடுவிலேயே பொதுத்தேர்வு தொடங்கிவிடும், சமச்சீருக்கு மார்ச்சில்தான், ஆனால் பிப்ரவரியில் பன்னிரண்டாவதுக்குச் செய்முறைத் தேர்வு வந்துவிடும். அதனால் ஜனவரியில் செவ்வாய் வியாழன் 6.30 இரண்டையும் சிபிஎஸ்இக்குக் கொடுத்துவிட்டு (அந்த நாட்களில் அவர்களுக்கு அது ஒன்றுதான் முடியும்), சமச்சீர் பத்தாவதைப் புதன் 6.30க்கும் ஞாயிறு காலைக்கும் நகர்த்துகிறேன். சிபிஎஸ்இயின் கணக்குத் தேர்வு முடிந்ததும் அந்தக் கட்டங்கள் எல்லாம் சமச்சீருக்குத் திரும்பி வரும், சரியாக அவர்களுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில்.

போட்டது சரிதானா என்பதை அந்த வருகைப் பதிவேடே காட்டிவிடும். நான்கு வகுப்பில் மூன்றுக்கு அதே இரண்டு மூன்று பேர் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தால், பிள்ளைகளைத் திட்டாதீர்கள், கட்டம்தான் தப்பு. வேன் ரூட் மாறியிருக்கும், இல்லையென்றால் பள்ளியில் புதிதாக எதையோ தொடங்கியிருப்பார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு ஆள் தாமதம் என்றால் அது சாதாரணம், விட்டுவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் மாதத்தின் முதல் திங்கள்கிழமை மட்டும் மாற்றுங்கள், மாறும் பேட்சுக்கு மட்டும் சொல்லுங்கள். முழு டைம்டேபிளையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டீர்கள் என்றால், காலி கட்டம் எது என்று பார்த்து அன்றைக்கு ராத்திரியே நாலு அம்மாக்கள் அதைக் கேட்டுவிடுவார்கள்.